பீரோவுக்குப் பின்னால் ஒரு மாடம்

ஆட்டத்தின் 88-வது நிமிடம். இரு பக்கமும் ஒரு கோல். என் வீரன் பந்தோடு வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். திடீரென்று திரையில் எல்லோரும் உறைந்து நின்றார்கள். அரை விநாடி இருக்கும். மறுபடி அசைந்தபோது பந்து எதிராளியின் காலில் இருந்தது, என் வீரன் மூன்று அடி தள்ளி வேறெங்கோ நின்றான். நான் அழுத்திய பொத்தானுக்கு அவன் அப்போதுதான் உதைத்தான், வெறும் காற்றை.

ஒரு நாள் நடந்திருந்தால் விட்டிருப்பேன். கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுக்கு வந்ததிலிருந்து பன்னிரண்டு நாளும் இப்படித்தான். கல்லூரிக் கடைசித் தேர்வு முடிந்து, முடிவு வரும்வரை இரண்டு மாதம் அப்பத்தாவுக்குத் துணையாக இருக்கலாம் என்று மதுரையிலிருந்து வந்திருந்தேன். கன்சோலைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஊர் ஊராகப் பிரிந்துபோன கல்லூரித் தோழிகள் நான்கு பேர் இரவு எட்டு மணிக்கு ஒன்றுகூடுவது அந்த ஆட்டத்தில்தான். அது எனக்கு வெறும் விளையாட்டு அல்ல. ஆகவே இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அதில் மூன்று நாளை நான் தவறான இடத்தில் தேடிக் கழித்தேன். நீங்கள் அப்படிக் கழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தது சரியானதுதான். இணையத்தைத் துண்டித்துவிட்டு, கன்சோலோடு மட்டும் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தேன். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. டிவியும் கன்சோலும் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியும் குற்றவாளிகள் அல்ல என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. டிவியால் வரும் தாமதம் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரே அளவு தாமதம், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்கு வந்தது ஐந்து விநாடி நன்றாக இருந்து, ஒரு நொடி உறைந்து, பிறகு தாவுவது. அது வலையமைப்பில்தான் வரும்.

அடுத்து எல்லோரும் செய்வதைச் செய்தேன். கன்சோல் பக்கத்தில் நின்று அலைபேசியில் வேகச் சோதனை. 22 எம்பிபிஎஸ் காட்டியது. அப்பத்தா வாங்கியிருந்த திட்டம் 100. "அடப்பாவமே, பணம் வாங்கிக்கொண்டு ஐந்தில் ஒரு பங்குதான் தருகிறார்கள்" என்று சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வரும் ஒளியிழையில் ஒளி அளவு சரியாக இருக்கிறது, இணைப்பு ஒரு வாரமாக அறுபடவே இல்லை என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது முழுக்க உண்மை என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கோபத்தில் காரைக்குடிக்குப் போய், 1,700 ரூபாய்க்கு வைஃபை சமிக்ஞையை நீட்டிக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வந்து, கன்சோலுக்குப் பக்கத்துச் சுவரில் செருகினேன். கன்சோலில் வைஃபை கோடுகள் முழுதாக நின்றன. ஆட்டம் முன்பைவிட மோசமானது.

அந்தக் கருவி ஏன் தோற்றது என்பதை அப்போதே யோசித்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். அது தானாக எதையும் உண்டாக்குவதில்லை, தனக்குக் கேட்பதைத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். கேட்கவே முடியாத இடத்தில் அதை வைத்தால் கேட்கவே முடியாததைத்தான் திரும்பச் சொல்லும். கோடுகள் முழுதாக நின்றது கன்சோலுக்கும் அந்தக் கருவிக்கும் இடையிலான உறவைக் காட்டியது. கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையில் நடந்த திண்டாட்டத்தை எந்தக் கோடும் காட்டவில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் காலையில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கன்சோல் இருந்த அறையில், கன்சோலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அங்கிருந்துதான் வேலை உருப்படியாகத் தொடங்கியது.

ஆட்டத்துக்கு வேகம் வேண்டாம். இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் ஆடும் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு 1 எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. நான் என்ன அழுத்தினேன், எதிராளி எங்கே நிற்கிறாள் என்ற சின்னச் சின்னச் செய்திகள் விநாடிக்குப் பல முறை போய்வந்தால் போதும். ஆனால் அவை ஒரே சீராகப் போய்வர வேண்டும். வேகச் சோதனை குழாயின் அகலத்தைச் சொல்கிறது. ஒரு சொட்டு போய்த் திரும்ப எவ்வளவு நேரம், ஒவ்வொரு சொட்டுக்கும் அதே நேரமா என்பதைச் சொல்வது பிங். அதனால் விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, இந்த மூன்று கட்டளைகளை வரிசையாக இட்டேன்:

```
ipconfig
ping -n 200 192.168.1.1
ping -n 200 8.8.8.8
```

முதல் கட்டளை தரும் பட்டியலில் `Default Gateway` என்ற வரியில் இருப்பதுதான் வீட்டு ரவுட்டரின் முகவரி. எங்கள் வீட்டில் அது 192.168.1.1. உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் இரண்டாவது கட்டளையில் அதைப் போடுங்கள். இரண்டாவது, என் அறையிலிருந்து ரவுட்டர்வரை மட்டும் 200 முறை போய்வருகிறது. மூன்றாவது, ரவுட்டரைத் தாண்டி வெளியே இருக்கும் ஒரு பொதுச் சேவையகம்வரை போய்வருகிறது. அலைபேசியில் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். மின்கலத்தைச் சேமிக்க அலைபேசி தன் வைஃபையை அவ்வப்போது உறங்கவைக்கும். அதனால் இல்லாத தாமதமும் தெரியும். மடிக்கணினியையும் மின் இணைப்பில் வைத்துக்கொண்டே சோதியுங்கள்.

ரவுட்டர்வரை எனக்குக் கிடைத்தது: குறைந்தது 2 மில்லி விநாடி, கூடியது 436, சராசரி 41. 200-ல் 9 முறை `Request timed out.` என்று வந்தது, அதாவது பதிலே இல்லை. வெளிச் சேவையகம்வரை: குறைந்தது 23, கூடியது 461, சராசரி 63.

இந்த இரண்டு வரிகளை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டுக்குள், ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெட்டிக்குப் போய்வர 436 மில்லி விநாடியா? வீட்டுக்குள் அது ஒன்றிரண்டு, மிஞ்சினால் பத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு வரிகளையும் கழித்துப் பாருங்கள். குறைந்ததில் வித்தியாசம் 21, சராசரியில் 22, கூடியதில் 25. ரவுட்டரிலிருந்து வெளியுலகம் போய்வர ஆகும் நேரம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டம் காணும் பகுதி முழுவதும் என் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கிறது. அந்த நிறுவனத்துக்காரர் சொன்னது சரி, நான் கோபப்பட்டது தவறு என்று எனக்கு அந்த நிமிடத்தில் புரிந்தது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில ரவுட்டர்கள் தமக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். அப்படிப்பட்டதில் ரவுட்டர்வரை எண் தாவும், ஆனால் வெளிச் சேவையகத்தின் எண் தாவாது. அப்போது ரவுட்டரின் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்து தாவினால்தான் சந்தேகம் வீட்டுக்குள் திரும்ப வேண்டும்.

வைஃபையில் தாமதம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் செட்டிநாட்டு வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது எளிது. முகப்பில் நின்றுகொண்டு மூன்றாம் கட்டில் இருப்பவரைக் கூப்பிடுவது போன்றதுதான் அது. "ஆச்சி" என்று கூப்பிடுகிறீர்கள். பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிடுகிறீர்கள். இன்னும் பதில் இல்லை. இந்த முறை நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறீர்கள். வைஃபையும் அப்படியே. ஒவ்வொரு சிறு செய்தியும் கிடைத்தது என்று மறுபக்கம் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் மறுபடி அனுப்பும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டும். பலமுறை தோற்றால் மெதுவான, தெளிவான முறைக்கு இறங்கிவிடும். அதனால் சமிக்ஞை மோசமான இடத்தில் செய்திகள் பெரும்பாலும் தொலைவதில்லை, தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன. அப்பத்தா அலைபேசியில் தொடர் பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது, காட்சி சில விநாடி முன்னதாகவே இறங்கிச் சேர்ந்து கிடக்கும். ஆட்டத்தில் அப்படி முன்கூட்டிச் சேர்க்க முடியாது. அடுத்த நொடி நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாதே.

சரி, ரவுட்டர் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை அப்பத்தாவிடம் கேட்டபோது, "உன் சித்தப்பா ஏற்பாட்டில் ஆள் வந்து எங்கேயோ வைத்துவிட்டுப் போனான் ஆத்தா, நான் அதைக் கண்ணால் பார்த்தே வருஷக் கணக்காகிறது" என்றார்கள். எங்கள் வீடு தெருவிலிருந்து பின் தெருவரை போகிறது. முகப்பு, நடு முற்றமான வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டில் அடுப்படி. வளவைச் சுற்றிப் பங்காளிகளுக்கு ஆளுக்கோர் அறை, பாதி அறைகளில் பூட்டு. ரவுட்டரைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் எல்லோரும் ஏதோ ஒரு திசையில் கையைக் காட்டினார்களே தவிர, யாரும் கூட்டிப்போய்க் காட்டவில்லை.

அலைபேசியில் சமிக்ஞை வலுவை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கினேன். அது டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு காட்டும். சுழியத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம். ரவுட்டரின் அருகே -40 வாக்கில் இருக்கும். -65 வரை ஆட்டத்துக்கு நல்லது. -70 தாண்டினால் திணறல் தொடங்கும். -80-ல் இணைப்பு நிற்பதே பெரிய விஷயம். இந்த அளவில் 3 குறைந்தால் வலு பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே -65-க்கும் -80-க்கும் இடையே இருப்பது சிறு வித்தியாசம் அல்ல, முப்பது மடங்கு.

காலண்டர் தாளின் பின்பக்கம் வீட்டை வரைந்துகொண்டு நடந்தேன். ஓரிடத்தில் நின்று, அலைபேசியை எப்போதும் ஒரே மாதிரி மார்புக்கு நேராகப் பிடித்து, பத்து விநாடி பொறுத்து எண்ணை எழுத வேண்டும். பின் ஒரு சாண் தள்ளி நின்று மறுபடி. அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதுவதால் ஒரு சாண் நகர்ந்தாலே எண் நான்கைந்து மாறும். ஒரே ஓர் அளவை நம்பி முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

மேற்குப் பக்க அறையில், கன்சோல் இருக்கும் இடத்தில், -79. வளவின் நடுத் தூண் அருகே -70. கிழக்குத் தாழ்வாரத்தில் மூன்றாவது அறையின் சன்னலோரம் -61. ரவுட்டர் அந்த அறையில்தான் இருக்க வேண்டும் என்று சாவி வாங்கித் திறந்து உள்ளே போனேன். எண் ஏறும் என்று எதிர்பார்த்தேன். அறையின் நடுவே நின்றபோது -72 காட்டியது.

வெளியே சன்னலோரம் -61, உள்ளே -72. செயலி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு முறை வெளியே போய் உள்ளே வந்தேன். அதே எண்கள். அப்போதுதான் வேறு வழியில் போகலாம் என்று தோன்றியது. தெருவுக்குப் போய் மின்கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கறுப்பு ஒளியிழைக் கம்பியைக் கண்ணால் தொடர்ந்தேன். முகப்பின் ஓட்டு இறவாரத்தை ஒட்டி வந்து, கிழக்குப் பக்கம் திரும்பி, அதே மூன்றாவது அறையின் உயரச் சாளரத் துளை வழியே உள்ளே நுழைந்தது. அறைக்குள் அது சுவரோடு இறங்கி, அப்பத்தாவின் இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைந்தது.

ஆறரை அடி உயர பீரோ. ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. சுவருக்கும் அதற்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். சுவரில் அந்தக் காலத்து விளக்கு மாடம், எண்ணெய்ப் புகை படிந்த கறுப்போடு. அதற்குள் பச்சை ஒளி சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ரவுட்டர்.

எனக்கு மகிழ்ச்சியில் தொண்டை அடைத்தது. "அப்பத்தா, கிடைத்துவிட்டது!" என்று வளவு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

கதை பிறகு அப்பத்தா சொல்லித் தெளிந்தது. ரவுட்டர் வைக்கும்போது பீரோ எதிர்ச்சுவரில் இருந்தது. மாடம் திறந்திருந்தது, கதவுக்கு நேராக இருந்தது, வைத்தவர் தேர்ந்த இடம் தவறே இல்லை. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் எதிர்ச்சுவரில் ஒழுகியது. துணியும் வெள்ளிச் சாமானும் நனையக்கூடாது என்று நான்கு ஆள் வைத்துப் பீரோவைத் தூக்கி இந்தச் சுவரில் சாத்தினார்கள். மாடத்தில் ஏதோ பெட்டி இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அலைபேசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அந்த எண்களுக்கு அர்த்தம் வந்தது. ஒன்றரை அடிக் கனச் சுண்ணாம்புச் செங்கல் சுவர் அலையைப் பலவீனமாக்கும், ஆனால் கொஞ்சம் விடும். தேக்குக் கதவு இன்னும் தாராளமாக விடும். இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனமே இருந்தாலும் விடவே விடாது, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். தகட்டின் கனம் அதில் பொருட்டே இல்லை. அலை இரும்பின் மேற்பரப்பில் ஒரு முடியின் கனத்தைவிடக் குறைவான ஆழம்தான் இறங்கும். பீரோக் கண்ணாடியின் பின்புறப் பூச்சும் உலோகம்தான். பீரோ ஒரு சாண் அளவே சிறியதாக இருந்தால் அலை ஓரங்களில் வளைந்து வந்திருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. மூன்றடி அகலப் பீரோவைச் சுற்றி வளைய அது போதாது. ஆக மாடத்தின் மூன்று பக்கமும் கனத்த சுவர், முன்னால் இரும்பு. அலை வெளியேற இருந்த ஒரே வழி பக்கவாட்டு இடுக்கு. அந்த இடுக்கு சன்னலைப் பார்த்து இருந்தது. அதனால்தான் சன்னலுக்கு வெளியே எண் நன்றாகவும், பீரோவின் நிழலில் நின்ற எனக்கு மோசமாகவும் இருந்தது. அலைபேசியை இடுக்கின் வாயில் பிடித்தேன். -46.

பீரோவை நகர்த்துவது என் கையில் இல்லை. ரவுட்டரைத்தான் நகர்த்த வேண்டும். முதலில் அதை அப்படியே படம் எடுத்துக்கொண்டேன், எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்று பிறகு சண்டை வரக்கூடாதே. மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கையை விட்டு எடுத்தபோது பெட்டி நல்ல சூடாக இருந்தது, மேலே விரல்கனத் தூசி. அதில் செருகியிருந்த மஞ்சள் நிற ஒளியிழைக் கம்பியைப் பற்றி மட்டும் கவனமாக இருங்கள். உள்ளே முடியளவு கண்ணாடி இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியின் சுற்றளவைவிட இறுக்கமாக அதை மடிக்கக்கூடாது. இழுக்கக்கூடாது. கழற்றினால் அதன் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது, விரலாலும் தொடக்கூடாது, ஒரு துளித் தூசி பட்டாலே ஒளி மங்கும். எனக்கு நல்ல காலம், வைத்தவர் இரண்டு மீட்டர் உபரியைச் சுருட்டி மாடத்திலேயே விட்டிருந்தார். கம்பியைக் கழற்றாமலே பெட்டியைப் பீரோவுக்கு நான்கடி தள்ளி, கதவுக்கு நேராக, ஒரு தேக்கு முக்காலி மேல் வைக்க முடிந்தது.

மேற்கு அறைக்கு ஓடினேன். -79 இருந்த இடத்தில் -64. பெட்டி நகர்ந்தது நான்கடி மட்டும். அதே 200 பிங்கை மறுபடி போட்டேன். ரவுட்டர்வரை குறைந்தது 1, கூடியது 34, சராசரி 4, ஒன்றும் தொலையவில்லை. வேகச் சோதனையும் 71-க்குப் போயிருந்தது, ஆனால் அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு தோழிகளோடு ஆடினேன். இரண்டு மணி நேரம், ஓர் உறைவுகூட இல்லை.

மறுநாள் இரவு 8:20-க்கு மறுபடி திணறியது. மனம் உடைந்துபோனது. ஆனால் இந்த முறை அளந்து பார்க்கத் தெரிந்திருந்தது. ரவுட்டர்வரை 4, வெளிச் சேவையகம்வரை 190. முன்பு இரண்டும் சேர்ந்து தாவின. இப்போது வெளியே மட்டும். அப்படியானால் வைஃபை அல்ல. முகப்புத் திண்ணையில் என் அத்தை மகன் உட்கார்ந்து, தன் தங்கையின் திருமணக் காணொளி முழுவதையும் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். மேலேற்றும் பாதையை ஒரே ஆள் நிரப்பிவிட்டால், என் சின்னச் செய்திகள் அந்தப் பெரிய வரிசையின் கடைசியில் நின்றாக வேண்டும். "அத்தான், இதைப் படுக்கப் போகும்போது ஏற்றிக்கொள்ளுங்களேன்" என்றேன். நிறுத்தினான், 190 மறுபடி 24 ஆனது. வரிசையை நியாயமாகப் பங்கிடும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு. எங்கள் பெட்டியில் அது இல்லை, ஆகவே பேச்சிலேயே தீர்த்துக்கொண்டோம்.

முக்காலி மேல் ரவுட்டர் நிரந்தரமாக இருக்க முடியாது. பெருக்க வருபவர் தட்டிவிடுவார். அறையில் பங்கு உள்ள, சென்னையில் இருக்கும் சித்தப்பாவை அலைபேசியில் கூப்பிட்டு, "சித்தப்பா, கதவு நிலைக்குப் பக்கத்தில் பழைய படம் மாட்டியிருந்த ஆணிகளில் ஒரு சிறு பலகை தொங்கவிடலாமா? சுவரில் புதிதாக எதுவும் அடிக்க மாட்டேன்" என்று கேட்டேன். சம்மதித்தார். ஆணி அடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தப் பழைய பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் தேட வேண்டும். சேவை நிறுவனத்தின் தொழிலாளி வந்து ஐந்து மீட்டர் மஞ்சள் கம்பியாக மாற்றி, ஒளி அளவைக் கருவியில் சரிபார்த்துப் போனார். ரவுட்டர் இப்போது தலைக்கு மேல் உயரத்தில், இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், வளவைப் பார்த்து இருக்கிறது. மேற்கு அறையில் -62.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பலருக்கு அதுவே போதும், நானும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், செலவே இல்லாதது என்பதால். ஆனால் மழை நாளில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து ஆளுக்கொரு அலைபேசியைத் திறக்கும்போது ரவுட்டர்வரை கூடியதாக இருந்த 34 என்பது 80, 90 வரை போனது. காற்று எல்லோருக்கும் பொது. ஆகவே ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு நேரே இழுக்க, காரைக்குடியில் 35 மீட்டர் கேட் 6 இணையக் கம்பி வாங்கினேன். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், மடிக்கும் இடத்தில் சீக்கிரம் முறியும். இந்தக் கம்பி 100 மீட்டர்வரை தாங்கும், ஆகவே பின் தெருவரை இழுத்தாலும் கவலை இல்லை.

வளவின் குறுக்கே நேராக இழுத்தால் 14 மீட்டரில் முடிந்திருக்கும். திறந்த வானத்தின் கீழ் செம்புக் கம்பியைத் தொங்கவிடக்கூடாது, மழையும் இடியும் நேரே கருவிக்குள் வரும். தாழ்வாரத்தின் கூரைக்கு உள்ளேயே வளவைச் சுற்றிக் கொண்டுபோனேன். அங்கே பழைய மின்கம்பி ஓடிய மரச்சட்டங்கள் இப்போது வெறுமையாக இருக்கின்றன, அவற்றிலேயே நூலால் கட்டினேன். மின்சாரம் ஓடும் புதுக் குழாயை விட்டு ஒரு சாண் தள்ளியே வந்தேன். கன்சோலில் செருகும் முன் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். 200 வரியிலும் ஒரே எழுத்து: `time<1ms`. அந்த 1,700 ரூபாய்க் கருவியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பெட்டியில் கிடக்கிறது.

கம்பியைக் கட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கும்போது அப்பத்தா அடுப்படியிலிருந்து வந்து அலைபேசியை நீட்டினார்கள். "உன் பெட்டி சரியாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் உன் பெரியப்பா முகம் மட்டும் அடுப்படியில் பேசும்போது கட்டம் கட்டமாக உடைகிறதே, அதையும் பார் ஆத்தா."

காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டுக்குப் போனேன். -81. நடுவில் பீரோ எதுவும் இல்லை. நான்கு கனத்த சுவர்கள், வரிசையாக. இங்கே ரவுட்டரை நகர்த்திப் பயனில்லை, எங்கே நகர்த்தினாலும் ஒரு பக்கம் இழக்கும். மேற்கு அறைக்கு இழுத்தது போலவே ரவுட்டரிலிருந்து அடுப்படிவரை இன்னொரு கம்பியை இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை வைக்க வேண்டும். அதில் முகவரி வழங்கும் வேலையை அணைத்துவிட்டு, இணையத் துளையில் செருகாமல் சாதாரண லேன் துளையில் கம்பியைச் செருகினால், அது வெறும் வைஃபை முனையாக மட்டும் வேலை செய்யும். மதுரையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் அம்மா வரும்போது அதை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். எங்கே வைப்பது என்பதைக் காலண்டர் தாளில் குறித்துவிட்டேன்: அடுப்படி வாசல் நிலைக்கு மேலே, எவர்சில்வர் பாத்திர அலமாரிக்கு எதிர்ப்பக்கம்.